இணை, துணை, உதவி: டைட்டில் கார்டில் யார் யார்?

தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று 2006இல் தமிழக அரசு அறிவித்ததும் படப்பெயர்கள் மளமளவென்று தமிழுக்கு மாறின. சலுகை பெயருக்கு மட்டும்தான் என்பதால் அதற்குப் பின்னால் வரும் கார்டுகள் அப்படியே ஆங்கிலத்தில் நின்றுவிட்டன. இப்போது சில குழுக்கள் முகப்பு கார்டு முதல் கடைசி ரோலிங் வரை முழுதும் தமிழில் போட முன்வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் எடுத்த எடுப்பில் ‘கலரிஸ்டுக்குத் தமிழில் என்ன?’ என்று தொடங்குகிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: கார்டில் எழுதுவது வேலையின் பெயரா, ஆளின் பெயரா? மேல் கீழ் நிலையைக் காட்டும் அடைமொழிகள் என்ன?

முதல் கேள்விக்குத் தமிழ்த் திரையுலகம் எப்போதோ விடை கண்டுவிட்டது. இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, நடனம், சண்டைப் பயிற்சி, இயக்கம் என்று வேலையின் பெயரைப் போட்டு, அதன் கீழே ஆளின் பெயரைப் போடுவதுதான் நம் வழக்கம். இதில் பெரிய வசதி உண்டு. ஒருவரா இருவரா, ஆணா பெண்ணா என்ற கவலையே இல்லை. கடைசி நேரத்தில் இன்னொரு பெயர் சேர்ந்தாலும் தலைப்பைத் தொட வேண்டாம். சிக்கல் வருவது உதவியாளர் பட்டியலில். ‘உதவி இயக்கம்’ என்று போட்டுப் பன்னிரண்டு பேரை அடுக்கினால், இயக்கத்துக்கு உதவியவர்கள் என்றும் படிக்கலாம், உதவி இயக்குநர்கள் என்றும் படிக்கலாம். ஆகவே துறைத்தலைவருக்கு வேலையின் பெயர், அவருக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆளின் பெயர் என்று பிரித்துக்கொள்வது நல்லது: மேலே ‘ஒளிப்பதிவு’, கீழே ‘உதவி ஒளிப்பதிவாளர்கள்’. ஒரே படத்தில் ஒரு கார்டு ‘இசை’ என்றும் அடுத்தது ‘ஒளிப்பதிவாளர்’ என்றும் வந்தால், இரண்டு பேர் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். (இயக்குநரா இயக்குனரா என்ற பஞ்சாயத்தும் இங்கேயே முடியட்டும். ஓட்டுநர், பெறுநர், அனுப்புநர் வரிசையில் வருவது இயக்குநர்.)

இரண்டாவதுதான் சண்டை வரும் இடம். நம் படங்களின் இயக்குநர் குழுவில் மூன்று படிகள் உண்டு: கோ-டைரக்டர், அசோசியேட், அசிஸ்டென்ட். அகராதியைத் திறந்தால் முதல் இரண்டுக்குமே ‘இணை’ என்றுதான் கிடைக்கும். அப்படியே போட்டால், பல படங்களில் வேலை பார்த்து கோ-டைரக்டர் ஆனவரும் போன படத்தில் அசோசியேட் ஆனவரும் ஒரே தலைப்பின் கீழ் நிற்பார்கள். அடுத்த படத்துக்கு இவர்கள் காட்டப்போகும் சான்று இந்த கார்டுதான். வருத்தப்படாமல் என்ன செய்வார்கள்?

இதற்குப் புதிய சொல் தேட வேண்டியதில்லை. தமிழக அரசுத் துறைகளில் இணை இயக்குநர், துணை இயக்குநர், உதவி இயக்குநர் என்று இறங்குவரிசை நெடுநாளாக இருக்கிறது. வேளாண்மைத் துறை அலுவலகப் பலகையைப் பார்த்த எவருக்கும் அது தெரியும். அதையே எடுத்துக்கொள்ளலாம்: கோ-டைரக்டர் இணை இயக்குநர், அசோசியேட் துணை இயக்குநர், அசிஸ்டென்ட் உதவி இயக்குநர். ஆனால் ஒரு நிபந்தனை. இயக்கத்தில் துணை என்றால் அசோசியேட் என்று வைத்துவிட்டால், ஒளிப்பதிவிலும் படத்தொகுப்பிலும் கலையிலும் துணை என்றால் அசோசியேட்தான். அசோசியேட் எடிட்டரை ‘இணைப் படத்தொகுப்பாளர்’ ஆக்கிவிட்டு அசோசியேட் டைரக்டரைத் ‘துணை இயக்குநர்’ ஆக்கினால், ஒரே நிலையில் உள்ள இருவரில் ஒருவர் ஒரு படி ஏறிவிடுவார்.

தயாரிப்பு பக்கம் இன்னொரு பொறி இருக்கிறது. எக்சிகியூட்டிவ் புரொடியூசர் வேறு, புரொடக்‌ஷன் எக்சிகியூட்டிவ் வேறு. தமிழில் இவை ‘நிர்வாகத் தயாரிப்பு’, ‘தயாரிப்பு நிர்வாகம்’ என்று சொல் முன்பின்னாக மாறி நிற்கும். வேகமாகத் தட்டச்சு செய்பவர் இரண்டையும் மாற்றிப்போட்டால் பிழை திருத்துபவர் கண்ணுக்கும் படாது, ஏனென்றால் இரண்டுமே சரியான தமிழ். இரண்டாமவரை ‘தயாரிப்பு நிர்வாகி’ என்று ஆளின் பெயராகவே வைத்துவிடுங்கள். வேற்றுமை கண்ணில் படும். இதே போலத்தான் ‘ஒலிப்பதிவு’ என்ற ஒரே சொல்லை மூன்று பேர் தலையில் கட்டுவதும். படப்பிடிப்பில் நேரடியாக ஒலி பிடிப்பவருக்கு நேரடி ஒலிப்பதிவு, எல்லாவற்றையும் கடைசியில் சேர்த்து அளவு பார்ப்பவருக்கு ஒலிக்கலவை, படத்தின் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று திட்டமிடுபவருக்கு ஒலி வடிவமைப்பு. உடையிலும் அப்படியே: வடிவமைத்தவர் ஆடை வடிவமைப்பு, தினமும் செட்டில் உடையைப் பார்த்துக்கொள்பவர் உடைகள்.

அப்படியானால் எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டுமா? என் கருத்தில் வேண்டாம். காலடி, கதவு போன்ற ஓசைகளை ஒலிக்கூடத்தில் உண்டாக்கித் தரும் ஃபோலி கலைஞருக்குப் புதிய சொல் புனைந்தால், அதைப் படித்து அவர் வீட்டாருக்கே அவர் என்ன வேலை செய்தார் என்று புரியாது. தொழிலில் ஃபோலி என்றால் ஃபோலி, படத்தின் நிறத்தைச் சீராக்கும் டி.ஐ. என்றால் டி.ஐ., லைட்மேன் என்றால் லைட்மேன். தமிழ் எழுத்தில் அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒப்பனை, மக்கள் தொடர்பு, சிகை அலங்காரம் என்று ஊரறிந்த சொல் இருக்கும்போது மேக்கப், பி.ஆர்.ஓ. என்று எழுதுவது சோம்பல்.

பணிப்பெயரைவிட ஆள்பெயரில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஆங்கிலப் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழில் எழுதுபவருக்கு ‘கே. சரவணன்’ என்பது மட்டுமே தெரியும். அந்தக் ‘கே’ அப்பா குமாரா, கண்ணனா, கிருஷ்ணனா? தமிழ்த் தலைப்பெழுத்து போட வேண்டுமென்றால் முறையே கு., க., கி. ஆகும். ஆங்கில எழுத்திலிருந்து இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. அதனால் இரண்டில் ஒன்று: எல்லோருக்கும் கே., எஸ்., எம். என்று ஒலிப்பெயர்ப்பு, அல்லது ஒவ்வொருவரிடமும் தமிழில் எழுதி வாங்குவது. பேட்டா கொடுக்கும் நாளில் ஒரு தாளை நீட்டி ‘கார்டில் எப்படி வரணுமோ அப்படி எழுதுங்க’ என்று கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஏற்கெனவே பெயர் பெற்றவர்களை மாற்றக் கூடாது; ஏ.ஆர். ரஹ்மானை அ.ர. ஆக்கினால் யாருக்கும் லாபமில்லை. ஒளிப்பதிவாளர் பெயருக்குப் பின்னால் வரும் ஐ.எஸ்.சி. சங்க உறுப்பினர் அடையாளம், அதையும் மொழிபெயர்க்காதீர்கள்.

முகப்பு கார்டுகளில் இலக்கணமே வரிசையை மாற்றச் சொல்லும். ஆங்கிலத்தில் முதல் நிறுவனம் வழங்குகிறது என்று ஒரு கார்டு, இரண்டாம் நிறுவனத்துடன் இணைந்து என்று அடுத்த கார்டு, பிறகு இயக்குநரின் படம் என்று ஒன்று, கடைசியில் படப்பெயர். இதை அந்தந்த இடத்திலேயே தமிழாக்கினால் ‘வழங்கும்’ என்று ஒரு கார்டு முடிந்து, அடுத்தது ‘இணைந்து’ என்று தொங்கும். ‘வழங்கும்’ பெயரெச்சம், பின்னால் எதை வழங்குகிறார்கள் என்று வந்தாக வேண்டும். எனவே முதல் கார்டில் நிறுவனப் பெயர் மட்டும் வரட்டும். இரண்டாவதில் ‘இன்ன நிறுவனத்துடன் இணைந்து வழங்கும்’. மூன்றாவதில் ‘இன்னாரின்’. நான்காவதில் படப்பெயர். நான்கு கார்டையும் சேர்த்து வாய்விட்டுப் படித்தால் ஒரே வாக்கியமாக வர வேண்டும். முதல் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் ‘வழங்கும்’ என்ற சொல் அவர்கள் கார்டிலேயே வர வேண்டும் என்று இருக்கலாம். அதை அனிமேஷன் முடிந்த பிறகு கண்டுபிடிப்பது செலவு.

இனி எழுத்துரு. ஆங்கில கார்டில் பணி ஸ்மால் லெட்டரில், பெயர் கேப்பிடல் லெட்டரில் இருக்கும். தமிழில் அந்த வேறுபாடு இல்லை. தடிமன் அல்லது நிறத்தால்தான் காட்ட வேண்டும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி விடும் அழகு தமிழுக்கு ஒத்துவராது. ‘படத்தொகுப்பு’ என்பதில் இடைவெளியைக் கூட்டினால் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி முந்தைய ‘த்’ பக்கம் போய் ஒட்டும். ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும் அனிமேஷனில் கொம்பு முதலில் வந்து எழுத்துக்காகக் காத்திருக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் விருப்பத்தேர்வுகளில் `Type` பகுதியில் `South Asian and Middle Eastern` என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ‘ஸ்ரீ’ இரண்டு வெவ்வேறு குறியீடுகளில் தட்டச்சாகும் என்பதும் நினைவிருக்கட்டும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒரு பெயர் இருமுறை வந்திருக்கிறதா என்று தேடினால் சிக்காது.

ரோலிங்குக்கு ஒரு கணக்கு. 2கே ஸ்கோப் படத்தில் திரை உயரம் 858 பிக்சல், நொடிக்கு 24 ஃபிரேம். ஃபிரேமுக்கு 3 பிக்சல் நகர்ந்தால் ஒரு வரி கீழிருந்து மேலே போக ஏறக்குறைய 12 நொடி. படிக்க வசதியான வேகம். ரோலிங்குக்கு மூன்று நிமிடம் ஒதுக்கினால் மொத்தம் 12,960 பிக்சல் நகரும். கடைசி வரி திரையை விட்டு வெளியேற 858 போக, வரிக்கு 60 பிக்சல் வீதம் சுமார் 200 வரி கொள்ளும். ஆங்கிலப் பட்டியல் சரியாக 200 வரியில் அடங்கியிருக்கும். தமிழில் ‘உதவி ஒளிப்பதிவாளர்கள்’ போன்ற தலைப்புகள் இடப்பக்கப் பத்தியில் கொள்ளாமல் மடங்கி, 30 வரி கூடினால் 1,800 பிக்சல், அதாவது 25 நொடி அதிகம். பாட்டு மூன்று நிமிடம்தான் என்பதால் வேகத்தைக் கூட்டச் சொல்வார்கள். அது ஃபிரேமுக்கு 3.4 பிக்சல் ஆகும். வேகம் முழு எண்ணாக இல்லாதபோது எழுத்துகள் திரையில் துடிக்கும். 4 பிக்சல் ஆக்கினால் துடிப்பு போகும், ஆனால் ஒரு வரிக்கு 9 நொடிதான் கிடைக்கும். வரி இடைவெளியை நெருக்கினால் மேல்வரியின் ‘கூ’வின் வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். ஆகவே இடப்பக்கப் பத்தியைத் தொடக்கத்திலேயே அகலமாக வைத்து, பட்டியலில் மிக நீளமான தமிழ்த் தலைப்பைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும்.

வேறு மொழிக்கும் படம் போகும் என்றால், எழுத்தில்லாத பின்னணிக் காட்சிகளைத் தனியாக வாங்கி வையுங்கள். தமிழ் எழுத்து படத்தோடு பதிந்துவிட்டால் தெலுங்குக்காரர் அதன் மேல் கறுப்புப் பட்டை ஒட்டித்தான் தன் எழுத்தைப் போடுவார்.