எடை குறைந்த சோலார் பேனல், அக்காவின் கூரையில் நான் செய்த தவறு

தையல் கூடம் நடத்தும் என் அக்காவுக்கு 2019இல் வளையும் சோலார் பேனல்களை வாங்கச் சொன்னவன் நான்தான். ஐந்து பேனல்கள், ஒவ்வொன்றும் 100 வாட். நாலாவது கோடையில் அவற்றை நானே பிய்த்தெடுத்தேன். இப்போது தெரிந்தவர்கள் பலரும் இதே பேனலைப் பற்றிக் கேட்பதால் எழுதுகிறேன்.

கூடத்தின் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட். அதன்மேல் ஆள் நடக்கக் கூடாது, துளையிட்டால் நாரிழைத் தூசு பறக்கும். வழக்கமான கண்ணாடிப் பேனல் சட்டத்தோடு சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 11 கிலோ; தாங்கு கம்பிகளையும் சேர்த்தால் 15 கிலோ வரும். வளையும் பேனல் 3 கிலோ அளவுதான். துளை வேண்டாம், பசையால் ஒட்டிவிடலாம் என்றார் விற்றவர். கூரைக்கு ஏற்ற வழி இதுதான் என்று நானும் நம்பினேன்.

அந்த எடை எங்கிருந்து குறைந்தது என்று நான் யோசிக்கவில்லை. எடுக்கப்பட்டது கண்ணாடியும் அலுமினியச் சட்டமும். உள்ளிருக்கும் சிலிக்கான் செல் அதே செல்தான், தடிமன் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு, அப்பளம்போல் நொறுங்கக்கூடியது. அதை விறைப்பாக வைத்திருந்ததும், மேலிருந்து ஈரம் புகாமல் தடுத்ததும் கண்ணாடி. அதன் இடத்தில் இருப்பது பிளாஸ்டிக் படலம். மலிவானவற்றில் வரும் பெட் என்ற பிளாஸ்டிக் படலம் வெயிலில் மஞ்சளித்து வெடிப்பு விடும். ஈடிஎஃப்இ என்ற படலம் வெயிலை நன்றாகத் தாங்கும். ஆனால் கீழே உள்ள செல் விரிசல் விடுவதை அதனாலும் தடுக்க முடியாது. அக்காவின் கூரையோ நெளிநெளியானது. சுமார் 15 செ.மீ.க்கு ஒரு மேடு. பேனல் மேடுகளில் மட்டும் ஒட்டி நின்றது. துடைக்கும்போது கை அழுத்திய இடமெல்லாம் செல் உள்ளே உடைந்திருக்கிறது.

அடுத்தது சூடு. ஒரு ஏப்ரல் நண்பகலில் வெப்பமானியை நீட்டினேன். ஒட்டிய பேனல் 78 டிகிரி காட்டியது. பக்கத்து வீட்டு மாடியில் கம்பிமேல் நின்ற கண்ணாடிப் பேனல் 58 டிகிரிதான், ஏனென்றால் அதன் அடியில் காற்று ஓடுகிறது. பேனலின் வாட் கணக்கு 25 டிகிரிக்கு எழுதப்படுவது. அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சாதாரண சிலிக்கான் பேனல் சுமார் 0.35 சதவீதம் இழக்கும். ஆக 100 வாட்டில் நமக்கு மிஞ்சுவது 81. காற்றோட்டம் உள்ளதில் 88. இந்த ஏழு வாட் எனக்குப் பெரிய கவலை இல்லை. அந்தச் சூட்டில் பசையும் படலமும் வேகமாகக் கிழடாவதுதான் கவலை. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இத்தகைய சிதைவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு.

அக்கா ஒன்றை அப்போதே சொன்னாள்: "தம்பி, இதை ஒட்டியதிலிருந்து உள்ளே வெக்கை கூடியிருக்கிறது." அவள் சொன்னது சரி. வழக்கமாகக் கோடையில் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பாள். அந்த வெள்ளையின்மேல் நான் கறுப்பை ஒட்டி, சூட்டை நேராக உள்ளே இறக்கியிருந்தேன். இடைவெளி விட்டு நிற்கும் பேனலோ கூரைக்கு நிழல் தரும்.

பழுது எப்படித் தெரிந்தது? உச்சி வெயிலில் ஒவ்வொரு பேனலையும் தனியாகக் கழற்றி அளந்தேன். மூன்றில் வோல்டேஜ் சரியாக இருந்தது, ஆனால் 5.6 ஆம்பியர் தந்துகொண்டிருந்தவை 3.9க்கு இறங்கியிருந்தன. அது செல் விரிசலின் அடையாளம். ஒன்றில் வோல்டேஜ் பாதியாகியிருந்தது; நிழல் விழுந்த செல்களைச் சுற்றி மின்சாரத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டயோடு போயிருந்தது. ஐந்தாவதில் தென்னை ஓலையின் நிழல் தினமும் விழும் செல் பழுப்பேறிக் கருகியிருந்தது. அதைப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. கீழே முழுக்கத் துணி.

இப்போது சுவருக்கு வெளியே நாலு இரும்புத் தூண்களைக் கான்கிரீட் அடித்தளத்தில் நட்டு, கூரைக்கு ஒன்றரை அடி மேலே கண்ணாடிப் பேனல்களை நிறுத்தியிருக்கிறோம். கூரைமேல் ஒரு கிலோகூட ஏறவில்லை. எடையைவிடக் காற்றுக்குத்தான் தூணைக் கணக்கிட வேண்டும். இந்தியக் காற்றுவேக வரைபடத்தில் சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர்; அந்த வேகத்தின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 150 கிலோவை ஒத்தது. பேனலின் சொந்த எடை அதன் அருகில் ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்கைக் கட்டுமானப் பொறியாளரிடமே கொடுத்தோம்.

தூண் நட வழியே இல்லாத இடங்கள் உண்டு: படகு, வேன், வில்வடிவத் தகரக் கிடங்கு. அங்கே வளையும் பேனல்தான் வழி, அதை நான் மறுக்கவில்லை. அப்போதும் ஈடிஎஃப்இ படலம் உள்ளதாக வாங்குங்கள், ஒரே திசையில் மட்டும் வளையுங்கள், அடியில் அலுமினியப் பட்டைகள் வைத்துச் சில சென்டிமீட்டராவது காற்றுக்கு வழிவிடுங்கள். உத்தரவாதத் தாளில் ஐந்து ஆண்டு என்றிருந்தால், ஐந்து ஆண்டு மின்சாரத்தை வைத்தே விலையை வகுத்துப் பாருங்கள். கண்ணாடிப் பேனலின் 25 ஆண்டுக் கணக்கை இதற்குப் போட்டுக் காட்டும் விற்பனையாளரிடம், ஒட்டிப் பொருத்தினால் உத்தரவாதம் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு விற்றவரிடம் நான் அதைக் கேட்கவில்லை. பணம் திரும்பவில்லை.