நான்கு மடங்கு அல்ல, இரண்டு

“காற்றின் வேகம் இரட்டித்தால் ரோட்டாரின் தூக்குவிசை நான்கு மடங்காகும், இறக்கை மாதிரிதான்.”

ரோட்டார் என்பது கப்பலை நகர்த்த அதன் மேல் நிறுத்திச் சுழற்றும் உருளை. அது சுழலும் வேகத்தையும் இரட்டித்தால் இந்தக் கூற்று சரி. சுழலும் வேகம் மாறாமல் இருந்தால் இரண்டு மடங்குதான். சூத்திரம் L' = ρUΓ. L' ஒரு மீட்டர் நீளத்துக்கான தூக்குவிசை; ρ காற்றின் அடர்த்தி, கன மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ; U காற்றின் வேகம்; Γ பொருளைச் சுற்றிக் காற்று எவ்வளவு சுழல்கிறது என்பதன் அளவு. இறக்கையில் Γ காற்றோடு சேர்ந்து கூடும்; உருளையில் Γ = 2πωR², ω சுழலும் வேகம், R ஆரம்; அதில் காற்றின் வேகமே இல்லை. ஆரம் 1.5 மீட்டர், நிமிடத்துக்கு 120 சுற்று என்றால் Γ சுமார் 178. காற்று விநாடிக்கு 10 மீட்டர் வீசினால், ரோட்டாரின் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 2,130 நியூட்டன்; 20 மீட்டர் வீசினால் 4,260.

மாதிரிக் கப்பலுக்கு இதே சூத்திரத்தை அப்படியே போட அவசரப்படாதீர்கள். இது காற்றின் பிசுக்குமையை, அதாவது அதன் உள் உராய்வை, விட்டுவிட்ட கணக்கு. நிஜத்தில் உருளையின் பின்பக்கம் காற்றோட்டம் அதன் பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். 10 மீட்டர் காற்றில் அளந்தால் அந்த 2,130-இல் பாதிகூடத் தேறாது.