போனை நிமிர்த்துவதா, படுக்கப்போடுவதா?

யாராவது வீடியோ எடுத்தால் "படுக்க வச்சு எடுங்க" என்று அதட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. "இப்ப எல்லாரும் ரீல்ஸ்தான் பாக்குறாங்க, நிமிர்த்தியே எடு" என்பது இன்னொரு கூட்டம். எனக்கு இரண்டுமே ஒத்துவராது. பொருளின் உயரத்தைப் பார்ப்பதைவிட, நாம் நிற்கும் இடத்திலிருந்து அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும்.

தேரோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம். அதைக் கண்டதும் கை தானாகப் போனை நிமிர்த்திவிடும். வீதி நடுவே, தேருக்கு எதிரே நன்றாகத் தள்ளி நின்றால் அது சரிதான். வடம் நம்மை நோக்கி நீண்டு வரும். படத்தின் கீழ்ப்பாதியில் இழுப்பவர்கள், மேலே கலசம்வரை தேர். நகர்வதும் நம்மை நோக்கித்தான் என்பதால் போனை அசைக்கவே வேண்டாம். யார் வீட்டு மொட்டைமாடியாவது கிடைத்தால் இன்னும் விசேஷம்.

அதே தேரை வீதியோரத்தில் நின்று பக்கவாட்டில் எடுக்கும்போது நிமிர்த்திப் பிடித்தால் வீணாகிவிடும். தேர் மட்டும் படத்தை அடைத்துக்கொள்ளும், வடமும் ஆட்களும் வெளியே போய்விடுவார்கள். இழுப்பவர்களே இல்லாத தேரில் வேகமும் தெரியாது, பாரமும் தெரியாது. அவர்களைக் காட்டப் போனை இப்படியும் அப்படியும் திருப்பினால் பார்ப்பவருக்குத் தலைசுற்றல்தான் மிச்சம். இங்கே படுக்கப்போடுங்கள். கலசம் வெட்டுப்படும், படட்டுமே. அதற்கு நிமிர்த்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போயிற்று.

எனக்குத் தேரோட்டத்தில் பிடித்தது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களின் வேலை. கட்டையைச் செருகியதும் சக்கரம் அதில் ஏறி முனகி நிற்கும். இதைப் பாதுகாப்பான தூரத்தில் நின்று ஜூம் செய்து, போனைப் படுக்கவைத்து, சக்கரம் உருளும் திசையில் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க வேண்டும். நிமிர்த்தினால் சக்கரம் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

பலர் செய்வது, நிமிர்த்தி ஆரம்பித்துவிட்டுப் பாதியில் போனைத் திருப்புவது. பெரும்பாலான போன்களில் ரெக்கார்டை அழுத்திய நொடியில் எந்தப் பக்கம் மேல் என்பது முடிவாகிவிடும். அப்புறம் திருப்பினால் மீதி வீடியோவில் தேர் படுத்துக்கொண்டே ஓடும். நிறுத்திவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதுதான் வழி. வீட்டு டிவியில் போடப்போகிறீர்கள் என்றால் இன்னொன்று: நிமிர்த்தி எடுத்தது திரை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது, மீதி கறுப்புதான்.

வாசல் கோலத்தை நேர் மேலிருந்து எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போன் புவியீர்ப்பை வைத்துத்தான் தன் நிலையை அறிகிறது. தரையைப் பார்த்துப் பிடித்தால் அதற்குக் குழப்பம். முதலில் வேண்டிய வாக்கில் நேராகப் பிடித்து, திரையிலுள்ள சின்னங்கள் சரியாகத் திரும்பிவிட்டனவா என்று பார்த்து, ரெக்கார்டை அழுத்திய பிறகு கீழே குனியுங்கள்.