முதலில் சோறு, அப்புறம் பேர்

கிரேக்கர்களின் விருந்தோம்பலுக்கு பிலோக்செனியா என்று பெயர். முன்பின் தெரியாதவர் மீது காட்டும் அன்பு. அந்த நாட்டுக்குப் போய் வந்தவர்கள், தட்டில் வைத்து நீட்டிய ஒரு கரண்டி பழப்பாகையும் குளிர்ந்த தண்ணீரையும் பற்றி நெகிழ்ந்து எழுதிவிட்டு, "அப்படியே நம்ம ஊர் மாதிரி" என்று முடிப்பார்கள். இதில் எனக்குப் பாதி சம்மதம்தான். அன்பு ஒன்றாக இருக்கலாம், ஆனால் முறை ஒன்றில்லை. அந்த வேறுபாட்டைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் உறுத்த வேண்டும்.

பழைய கிரேக்கக் காவியமான ஹோமரின் ஒடிசியில் அரண்மனை விருந்துகள் நிறைய உண்டு. எனக்குப் பிடித்தது பதினான்காம் காண்டத்தில் வரும் பன்றி மேய்ப்பன் யூமேயஸின் குடிசை. இருபது வருடம் கழித்து ஊர் திரும்பும் அவன் எசமான் ஒடிசியஸ், கந்தல் கட்டிய கிழட்டுப் பிச்சைக்காரனாக அங்கே வந்து நிற்கிறான். காவல் நாய்கள் பாய்கின்றன. செருப்புக்குத் தோல் அறுத்துக்கொண்டிருந்த யூமேயஸ் தோலைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, கல்லெறிந்து நாய்களை விரட்டுகிறான். பிறகு, "உள்ளே வா பெரியவரே, வயிறார உண்டு குடித்த பிறகு எங்கிருந்து வருகிறாய், என்ன பாடுபட்டாய் என்று சொல்லலாம்" என்கிறான். தழையைப் பரப்பி, அதன்மேல் தான் படுக்கும் ஆட்டுத்தோலை விரித்து உட்கார வைக்கிறான். பட்டியிலிருந்து இரண்டு பன்றிக்குட்டிகளைக் கொண்டுவந்து அறுத்து, கம்பியில் குத்திச் சுட்டு, சூடு ஆறுமுன் கம்பியோடு கொண்டுவந்து வைக்கிறான். மேலே பார்லி மாவைத் தூவுகிறான். திராட்சை மதுவைக் கலந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்காருகிறான். "எங்களைப் போன்ற அடிமைகளுக்கு வாய்ப்பது இதுதான், கொழுத்ததெல்லாம் வீட்டை ஆக்கிரமித்திருப்பவர்களுக்குப் போகிறது" என்று வருத்தத்தோடு சொல்லவும் செய்கிறான்.

"நீ யார், எந்த ஊர், உன் பெற்றோர் யார்?" என்ற கேள்வி வருவது சாப்பிட்டு முடித்து, நெடுநேரம் பேசிய பிறகு.

இந்த வரிசை யூமேயஸின் தனிப்பட்ட நல்ல குணம் அல்ல, ஊர் அறிந்த நெறி. மூன்றாம் காண்டத்தில் பைலோஸ் அரசன் நெஸ்டரும் இப்படித்தான். விருந்தாளிகள் உண்டு முடித்த பிறகுதான், "நீங்கள் யார்? வியாபாரிகளா, கடற்கொள்ளையரா?" என்று கேட்கிறான். யோசித்துப் பாருங்கள், கொள்ளைக்காரனாக இருக்கலாம் என்ற சந்தேகம் அவனுக்கு இருக்கிறது. இருந்தும் இறைச்சியைத் தின்னக் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறான். நுழைந்ததும் "யார் நீங்கள்?" என்று கேட்பவன் ஒருவன் உண்டு, ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ். கேட்டுவிட்டு விருந்தாளிகளையே தின்கிறான்.

இதற்குப் பின்னால் பயம் இருக்கிறது. அந்நியர்களுக்கும் பிச்சைக்காரர்களுக்கும் காவல் கடவுளர்க்கெல்லாம் தலைவரான ஸீயஸ், அதனால் அவரை விருந்தினர்க்குரிய ஸீயஸ் என்றே அழைத்தார்கள். எசமான் திரும்பி வருவான் என்று கிழவன் சத்தியம் செய்யும்போது யூமேயஸ் நம்பவில்லை. "இந்தப் பொய்க்காக உன்னை நான் உபசரிக்கவில்லை. ஸீயஸுக்குப் பயந்தும் உன்மேல் இரங்கியும்தான்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறான். ஆளை நம்பாமலும் சோறு போடலாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். நம்மிடமும் இது ஒரு காலத்தில் இருந்தது. குறுந்தொகை 118-இல், பலரும் நுழையும் பெரிய வாயிலை இரவில் அடைக்கும் முன் காவலர்கள் "வருவீர் உளீரோ" என்று குரல் கொடுக்கிறார்கள். உள்ளே வர வேண்டியவர் யாராவது வெளியே இருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. யார், என்ன குலம் என்று கேட்கவில்லை. தலைவன் வராத சோகத்தைச் சொல்ல வந்த பாட்டில் போகிற போக்கில் இருக்கும் வரி இது. போகிற போக்கில் இருப்பதால்தான், இது தினப்படி வழக்கமாக இருந்தது என்று நம்பத் தோன்றுகிறது.

பிறகு என்ன ஆயிற்று? எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திண்ணையில் வந்து உட்கார்ந்தவருக்குச் செம்பில் தண்ணீர் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் செம்பு வரும் முன்பே கேள்வி வந்துவிடும். "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னால், "அங்க எந்தத் தெரு?" அதையும் சொன்னால், "அப்ப இன்னார் உங்களுக்கு என்ன வேணும்?" மூன்றாவது கேள்விக்குள் சாதி தெரிந்துவிடும். செம்பா, தனி டம்ளரா, குனிந்து கையேந்த வேண்டியதா என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகும். திண்ணையில் உட்காரவே முடியாதவர்கள் இந்தக் கேள்விக்கும் காத்திருக்க மாட்டார்கள், வெயிலோடு நடந்துவிடுவார்கள். திண்ணையைப் பற்றி உருகி எழுதும் பதிவுகளைப் பார்க்கும்போதெல்லாம், அதில் யார் உட்கார்ந்தார்கள் என்று ஒரு வரி சேர்க்கக் கூடாதா என்று தோன்றும். கிரேக்கத்திலும் அடிமைகள் இருந்தார்கள், யூமேயஸே அடிமைதான், அவர்கள் சமத்துவவாதிகள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சோற்றுக்கு முன் குலம் கேட்பது தப்பு என்று அவர்கள் கதை தெளிவாகச் சொல்கிறது.

நம் இலக்கியத்தில் விருந்தோம்பலின் உச்சம் என்று நாம் கொண்டாடுவது வேறு மாதிரி. புறநானூறு 333-இல் வீட்டில் ஒன்றுமில்லாத பெண், விதைக்கு வைத்த தினையை உரலில் இட்டுக் குற்றி விருந்தினருக்குப் படைக்கிறாள். பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார் கதை எல்லோருக்கும் தெரியும். மழை கொட்டும் நள்ளிரவில் சிவனடியார் வருகிறார், வீட்டில் அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல்லை, கும்மிருட்டில் காலால் வழி தடவிப் போய் வாரிக்கொண்டு வருகிறார். வாசலில் காத்திருந்த மனைவி அதை வாங்கிச் சேறு போகக் கழுவுகிறார். விறகு இல்லை என்றதும் இவர் கூரைக் கழியை அறுத்துப் போடுகிறார். ஈரநெல்லை வறுத்துக் குற்றி உலையில் இடுவது அந்த அம்மா. இவர் முற்றாத கீரையைப் பறித்துவந்து கொடுத்த பிறகு, அதில் விதவிதமாகக் கறி சமைப்பதும் அந்த அம்மாதான். கடைசியில் அடியார் சோதியாக மறைந்துவிடுவார்.

சின்ன வயதில் இந்தக் கதை கேட்டால் சிலிர்க்கும். இப்போது படிக்கும்போது இரண்டு இடத்தில் நின்றுவிடுகிறேன். ஒன்று, வந்தவர் யாரோ ஒருவர் இல்லை, அடியார் கோலத்தில் வந்தவர். கேட்காமலே அடையாளம் தெரிந்துவிட்டது. அடுத்தது, அடுத்த வருடத்துச் சாப்பாடும் தலைக்கு மேல் கூரையும் ஒரே இரவில் போயின. சாமி வந்ததால் கதை முடிந்தது, வெறும் ஆள் வந்திருந்தால் அந்த அம்மா மறுநாள் என்ன செய்திருப்பார்?

யூமேயஸின் குடிசையிலும் அன்றிரவு மழைதான். குளிருகிறது என்று கிழவன் ஒரு கதை சொல்லிச் சாடையாகப் போர்வை கேட்கிறான். யூமேயஸ் கொடுக்கிறான், ஆனால் இரவுக்கு மட்டும்தான். "காலையில் உன் கந்தலையே கட்டிக்கொள்ள வேண்டும், இங்கே ஆளுக்கு ஒரு போர்வைதான் இருக்கிறது" என்று சொல்லித்தான் கொடுக்கிறான். நெருப்புக்குப் பக்கத்தில் படுக்கை போட்டுக் கொடுத்துவிட்டு, தான் வெளியே போய்ப் பன்றிகளுக்குக் காவலாகப் படுக்கிறான். உள்ளதைக் கொடுத்தான், இல்லாததை இல்லை என்றான். நம் கதைகளில் இந்த "இல்லை" வருவதே இல்லை. வந்தால் மானம் போய்விடும். அந்த மானத்தைக் காப்பாற்றுவது யார் என்பது, முன்னறிவிப்பில்லாமல் எட்டுப் பேர் வந்து நிற்கும் வீட்டின் அடுப்படியில் தெரியும்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தின் பத்துக் குறளும் விருந்து கொடுப்பவருக்குத்தான். முகம் மாறிப் பார்த்தாலே விருந்தினர் வாடிவிடுவார் என்பது வரை நுட்பமாகச் சொன்ன வள்ளுவர், அங்கே வந்தவருக்கு ஒரு வரி சொல்லவில்லை. அதைச் சொன்னது, "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்ற பழமொழி. ஒடிசியிலோ கதையின் பாதி எடையே இதுதான். ஒடிசியஸின் மனைவியை மணக்க வந்து, அவன் வீட்டில் வருடக்கணக்காகத் தின்றுகொண்டிருக்கும் கூட்டம், விருந்தாளி முறையை மீறியதற்காகச் சாகிறது. ஸ்பார்ட்டா அரசன் மெனலாஸ், ஒடிசியஸின் மகன் டெலிமக்கஸை வழியனுப்பும்போது, போக விரும்பாதவனைத் துரத்துவதும் போகத் துடிப்பவனைப் பிடித்து வைப்பதும் ஒரே அளவு குற்றம் என்கிறான். இதைப் படிக்கும்போதெல்லாம், "இன்னும் ஒரே ஒரு நாள்" என்று நம் பையை ஒளித்து வைக்கும் அத்தைகள் நினைவுக்கு வருவார்கள்.

இதெல்லாம் பழங்கதை, இன்றைய கிரேக்கம் எப்படி என்றால், அங்கேதான் விஷயம் கசக்கிறது. 2012 ஆகஸ்டில் கிரேக்கப் போலீஸ், ஆவணம் இல்லாத வெளிநாட்டவரைப் பிடிக்க ஒரு பெரிய நடவடிக்கை தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் "ஸெனியோஸ் ஸீயஸ்". ஆமாம், அந்நியரைக் காக்கும் அதே ஸீயஸ். 2013 பிப்ரவரி வரை ஏறக்குறைய 85,000 பேரைத் தெருவிலிருந்து காவல் நிலையங்களுக்கு இழுத்துப் போனார்கள். அவர்களில் ஆவணம் இல்லாதவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் இல்லை. சோறு இல்லாமல் பெயர் மட்டும் கேட்ட நடவடிக்கை.

2015-இல் அதே நாட்டில், லெஸ்போஸ் தீவின் ஸ்காலா சிகாமினியாஸ் என்ற மீனவக் கிராமத்தில், அகதிப் படகுகள் வந்தபடி இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்த மூன்று பாட்டிகளில் ஒருவர் அகதிக் குழந்தைக்குப் புட்டிப்பால் புகட்டும் படம் உலகெங்கும் போனது. அந்தப் பாட்டியின் அம்மாவே, 1922-இல் துருக்கிக் கரையிலிருந்து அதே கடலைக் கடந்து அகதியாக வந்தவர். 2015 என்ற அந்த ஒரு வருடத்தில் கடல்வழி கிரேக்கம் வந்தவர்கள் 8,50,000-க்கும் மேல். 2020 மார்ச்சில் அதே தீவின் தெர்மி துறையில், ஒரு கூட்டம் நின்று படகைக் கரையேற விடாமல் தடுத்தது. ஐந்து வருடத்தில் தீவுக்காரர்கள் கெட்டவர்களாகிவிடவில்லை. அரசாங்கங்களும் ஐரோப்பாவும் வந்தவர்களை மேலே அனுப்பாமல் அந்தத் தீவிலேயே அடைத்து வைத்தன. சுமார் 3,000 பேருக்கான மோரியா முகாமில் 2020 தொடக்கத்தில் கிட்டத்தட்ட 20,000 பேர் இருந்தார்கள். எந்த ஊரின் விருந்தோம்பலும் இதைத் தாங்காது.

நாம் இதைத் தூரத்துச் செய்தியாகப் படிக்க முடியாது. 1983-இல் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களை இராமேசுவரம் கரை அணைத்துக்கொண்டது. 1991-க்குப் பிறகு அதே மக்கள் தலை எண்ணப்படும் ஆட்களானார்கள். 2021-இல் அகதி முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது, நல்ல காரியம். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட அந்த முகாம்களில் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்கள் பெரும்பாலும் இன்னும் குடியுரிமை இல்லாமல் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களைச் சேர்க்கவில்லை. மூன்று நாள் விருந்துக்கு நம்மிடம் பத்துக் குறள் இருக்கிறது. நாற்பது வருடமாக விருந்தாளியாகவே வைக்கப்பட்டிருப்பவருக்கு என்ன மரியாதை செய்வது என்று, அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன்.