நூறு தடவை போட்டால் பிடித்துவிடுமா?

"ஒரு விளம்பரப் பாட்டை நூறு தடவை போட்டால் பிடிக்காதவனுக்கும் பிடித்துவிடும். அறிவியலே நிரூபித்திருக்கிறது." காரைக்குடி கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது.

தவறு. 1968இல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர், அர்த்தம் தெரியாத எழுத்துகளையும் அறிமுகமில்லாத முகங்களையும் ஒருமுறை முதல் 25 முறை வரை காட்டினார். அதிகம் பார்த்தவை கூடுதலாகப் பிடித்தன. பழகியதை மூளை சிரமமின்றி உள்வாங்குகிறது. அந்த எளிமையை நாம் விருப்பமென்று எடுத்துக்கொள்கிறோம் என்பது முக்கியமான ஒரு விளக்கம்.

ஆனால் அவர் காட்டிய எழுத்துகளும் முகங்களும் யாருக்கும் முன்பே வெறுப்பில்லாதவை. இதைத்தான் அந்தச் செய்தி விட்டுவிடுகிறது. பின்னர் வந்த ஆய்வுகளில், தொடக்கத்திலேயே பிடிக்காதவை திரும்பத் திரும்ப வந்தபோது வெறுப்பு கூடியதும் உண்டு. பிடித்ததுகூட அளவு மீறினால் சலிக்கும்.

சரி, பலகாரக் கடை ஒன்று புதுப்பாட்டை ஆட்டோவில் கட்டி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு நாளொன்றுக்கு இருமுறை கேட்டால் பத்து நாளில் வாய் தானாக முணுமுணுக்கும். அதையே மதியத் தூக்கத்தில் காது கிழிய இருபது முறை ஒலிக்கவிட்டால், கடைப்பெயரோடு எரிச்சலும் ஒட்டிக்கொள்ளும். தேன்குழலில் எண்ணெய் வாடை அடித்தாலோ, எத்தனை முறை பாடினாலும் அடுத்த முறை வாங்க வரமாட்டார்கள்.