ஜாதிக்காய் போதை என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் சுகம் இல்லை

"டாக்டர், ஜாதிக்காய் தின்னா கஞ்சா மாதிரி ஏறுமாமே, நெஜமா?" என்று கேட்டு ஒரு வீடியோவை இந்த மாதம் மட்டும் மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். ஏறும். ஆனால் ஏறுவது நீங்கள் நினைக்கிற சரக்கு இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துப்போய் இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு இரவுப் பணி. விடிகாலை மூன்றரை மணிக்கு விடுதி மாணவன் ஒருவனை இரண்டு நண்பர்கள் கைத்தாங்கலாக அவசரப் பிரிவுக்குக் கூட்டி வந்தார்கள். பத்தொன்பது வயது. முகம் செக்கச் சிவந்திருந்தது, உதடு வறண்டு வெடித்திருந்தது. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது. நாடி 138. "நான் செத்துக்கிட்டிருக்கேன் டாக்டர், இவனுங்க நம்ப மாட்டேங்கிறானுங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அடிவயிற்றைத் தொட்டால் பந்து போல உருண்டிருந்தது. சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, கழிக்க முடியவில்லை.

எங்களுக்கு முதலில் தோன்றியது ஊமத்தை. வறண்ட வாய், சிவந்த தோல், படபடப்பு, உளறல் எல்லாம் அதன் குறிகள்தான். ஆனால் ஊமத்தை தின்றவனின் கண்மணி அகல விரிந்து கிடக்கும். இவனுக்கு விரியவில்லை. ஜாதிக்காய் விஷத்தில் பெரும்பாலும் அப்படித்தான். அதற்குள் பையன் ஒரு ஏப்பம் விட்டான். அறை முழுக்கப் பிரியாணி மசாலா வாசனை! நண்பர்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

விசாரித்தபோது வந்த கதை இது. இரவு ஒன்பது மணிக்குப் பொடியை விழுங்கியிருக்கிறான். பத்தரை ஆகியும் ஒன்றுமே இல்லை. "வீடியோக்காரன் ஏமாத்திட்டான்" என்று மிச்சத்தையும் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். ஒன்றரை மணிக்கு நெஞ்சு உதைத்து எழுந்தவன், மறுபடி ஒழுங்காகத் தூங்கியது அடுத்த நாள் ராத்திரிதான்.

இந்தத் தாமதத்தில்தான் பாதிக் கதை இருக்கிறது. ஜாதிக்காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளிர் சதைக்குள் பழுப்பு ரேகைகள் ஓடும். வாசனை எண்ணெய் அங்கேதான் இருக்கிறது. சுற்றியிருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கெட்டிக் கொழுப்பு. சாராயம் வயிற்றுக்குப் போன சில நிமிடத்திலேயே ரத்தத்தில் கலந்துவிடும். இது அப்படி இல்லை. கொழுப்போடும் நாரோடும் குடலில் மெல்ல நகர்ந்து, அப்புறம் ஈரலுக்குப் போய் உருமாறி, குறி காட்டவே மூன்று முதல் ஆறு மணி நேரம் ஆகும். குடிப்பவன் ஒரு கிளாஸுக்குப் பிறகு தன் நிலையைப் பார்த்து நிறுத்தலாம். ஜாதிக்காய் தின்றவனுக்கு நிறுத்த வேண்டிய நேரம் எது என்றே தெரியாது. தெரியும்போது எல்லாம் உள்ளே போய்விட்டிருக்கும். அதன் பிடி ஒரு நாள் முழுக்க நீளும், உடல் அசதியும் தலைபாரமும் இரண்டு மூன்று நாள்கூட நிற்கும்.

"அளவாக எடுத்தால் சுகமாக இருக்கும், அவன் அதிகமாகத் தின்றுவிட்டான்" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். தவறு. மயக்கம் தரும் அளவுக்கும் நோகடிக்கும் அளவுக்கும் நடுவில் இந்தக் காயில் இடைவெளியே கிடையாது. மிரிஸ்டிசின், எலிமிசின், சாஃப்ரோல் என்ற வேதிப்பொருள்கள் எல்லாம் ஒரே எண்ணெயில் கலந்து கிடக்கின்றன. அந்த எண்ணெயும் எல்லாக் காயிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. விளைந்த மண், பறித்த காலம், டப்பாவில் கிடந்த மாதங்கள் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஒரு முழுக் காய் சுமார் 5 முதல் 7 கிராம் இருக்கும். விஷக்குறிகள் தெரிய அந்த ஒரு காயே போதும்.

அந்தக் குறிகளில் எது இன்பம் என்று யோசித்துப் பாருங்கள். குமட்டல், வாய் வறட்சி, கை கால் சில்லிடுவது, நெஞ்சுப் படபடப்பு. இதயம் அந்த வேகத்தில் அடிக்கும்போது, ஏதோ பெரிய ஆபத்து என்றுதான் மூளை எடுத்துக்கொள்ளும். மிதப்பும் குழப்பமும் அந்தப் பயத்தின் மேல்தான் வந்து உட்காருகின்றன. அதனால்தான் சாகப்போகிறோம் என்ற எண்ணம் ஜாதிக்காய் நோயாளிகளிடம் திரும்பத் திரும்ப வருகிறது. "மூளை சரியில்லைங்கிறது எனக்கே தெரிஞ்சுது, ஆனா வெளிய வர முடியல" என்று அந்தப் பையன் பின்னால் சொன்னான்.

வீடியோக்காரர்கள் ஒரு விஞ்ஞானமும் பேசுவார்கள்: மிரிஸ்டிசின் உடலுக்குள் ஆம்ஃபெட்டமின் வகைப் போதைப் பொருளாக மாறுகிறதாம். அலெக்சாண்டர் ஷுல்ஜின் போன்ற வேதியியலாளர்கள் 1960-களில் முன்வைத்த ஊகம் அது. மூலக்கூறுகளின் உருவ ஒற்றுமையைப் பார்த்துச் சொன்னது. பின்னால் ஜாதிக்காய் தின்று மருத்துவமனைக்கு வந்தவரின் சிறுநீரைச் சோதித்தபோது அப்படிப்பட்ட பொருள் அகப்படவில்லை. இன்னமும் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே 1829-ல் தன் மேலேயே சோதனை செய்து மூன்று காய்களைத் தின்றார். அவர் எழுதி வைத்ததும் பெரும்பாலும் தூக்கம், கனவு, நேரம் குழம்பிப்போவது பற்றித்தான். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் பெயரையும் இழுப்பார்கள். 1946-ல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டவுன் சிறைக்குப் போனவர், அங்கே கைதிகள் சமையலறை ஜாதிக்காயை வாங்கிப் போதைக்குப் பயன்படுத்தியதைத் தன் வரலாற்றில் சொல்கிறார், தானும் எடுத்ததாக. உண்மைதான். ஆனால் அது சிறைக்குள் நடந்தது. வேறு எதுவும் கிடைக்காத இடத்தில் தேடியதை, வெளியில் இருக்கிறவன் ஏன் தேட வேண்டும்?

இதற்கு மாற்று மருந்தும் கிடையாது. அன்று நாங்கள் செய்தது சலைன், ஈசிஜி, சிறுநீருக்குக் குழாய், பதற்றம் தணிய ஊசி, வெளிச்சம் குறைத்த ஒரு மூலை. மற்றதைக் கடிகாரம்தான் பார்த்துக்கொண்டது. இளைஞன் என்பதால் தேறினான். குழந்தைகளிடம் இந்த நம்பிக்கை எனக்கு இல்லை. இரண்டு காய் தின்ற எட்டு வயதுச் சிறுவன் இறந்துபோனது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. மனநோய்க்கோ வலிப்புக்கோ மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் விஷயத்திலும் எனக்கு அதே பயம்தான்.

(இப்போது பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள். உரைமருந்தில் கல்லில் இரண்டு இழுப்பு இழுக்கும்போது கரைந்து வருவது துளியிலும் துளி. குருமாவில் சுரண்டிப் போடுவதும் அப்படியே. நான் பேசுவது முழுக் காயைப் பற்றி. ஆனால் கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள் என்பதை நான் விடமாட்டேன்.)

பையனை இரண்டாம் நாள் மாலை அனுப்பி வைத்தோம். கிளம்பும்போது கேன்டீனிலிருந்து யாரோ பிரியாணி பார்சலைப் பிரித்துக்கொண்டே வார்டுக்குள் வந்தார்கள். வாசனை வந்ததுதான் தாமதம், வாயைப் பொத்திக்கொண்டு கழுவும் தொட்டியைத் தேடி ஓடினான்.