லீட் ரோலுக்கு அப்ளை பண்ணா ஒரு படி கீழ சீனியர் ரோல் வருது
நான் அப்ளை பண்ணது லீட் ரோலுக்கு, ரெக்ரூட்டர் கால் பண்ணி "உங்க ப்ரொஃபைல் சூப்பர் சார், ஆனா சீனியர் எஞ்சினியர் ஓப்பனிங் இருக்கு, ஆறு மாசத்துல ப்ரமோஷன் பாத்துக்கலாம்"ங்கறாங்க. அந்த ஆறு மாசத்த ஆஃபர் லெட்டர்ல போடுவீங்களான்னு கேட்டா லைன்ல சத்தமே இல்ல.

இன்டர்வியூவே நடக்கல, அதுக்குள்ள எப்படிங்க லெவல் குறைஞ்சுது? லீட் போஸ்ட் இன்னும் ஓப்பனா, இல்ல ஆள் எடுத்தாச்சா, இந்த லெவலுக்கு சம்பள ரேஞ்ச் என்ன, மெயில்ல அனுப்புங்கன்னேன். ரேஞ்ச் வந்துச்சு, அதோட உச்சமே நான் இப்ப வாங்கறதுக்கு கீழ. "லீட் ரோலுக்கு மட்டும் என்னை கன்சிடர் பண்ணுங்க, நன்றி"ன்னு ரெண்டே வரில முடிச்சேன். இப்ப "ஃப்ளெக்ஸிபிளா இருங்க சார்"னு அட்வைஸ் வேற!